‘பத்து மடங்கு வேகம்’ என்ற விளம்பர வரி வீட்டுக்குள் என்னவாகிறது?

யீஷூனில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். வீட்டு இணையச் சேவைக்கான விளம்பரம் ஒன்றைத் தமிழில் செம்மைப்படுத்திக் குரல் கொடுக்கும் வேலை அவருக்கு வந்திருக்கிறது. அதன் முதன்மையான வரிகள் இவை: “மாதம் 30 வெள்ளிக்கு 1 கிகாபிட். இன்னும் 10 வெள்ளி மட்டும் சேர்த்துக் கொடுங்கள், 10 கிகாபிட். வீடு முழுவதும் பத்து மடங்கு வேகம்!” மொழியில் பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் கேட்டார்: “என் பேரன் உள்ளறையில் படம் பார்க்கும்போது அடிக்கடி நின்று நின்று வருகிறது. இந்தத் திட்டத்துக்கு மாறினால் அது பத்து மடங்கு விரைவாக வருமா? வராது என்றால் இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.”

அளவைக் குறித்து முதலில் ஒரு சொல். 1 கிகாபிட் என்பது நொடிக்கு நூறு கோடி பிட்டுகள். கோப்புகளை நாம் பைட்டில் அளக்கிறோம். எட்டு பிட்டுகள் சேர்ந்தால் ஒரு பைட்டு. ஆகவே 1 கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் எதுவும் வர இயலாது. நடைமுறையில் அதுவும் வராது. அனுப்பப்படும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி, சரிபார்ப்பு எண், அடுத்த பொட்டலத்துக்கு முன் விடவேண்டிய சிறு இடைவெளி ஆகியவை உண்டு. 1,538 பைட்டு நீளம் கேபிளில் ஓடினால், நமக்கு வேண்டிய தகவல் அதில் ஏறத்தாழ 1,448 பைட்டுதான். அதனால்தான் குறையில்லாத 1 கிகாபிட் இணைப்பைச் சோதித்தாலும் திரையில் 940 மெகாபிட் என்று வருகிறது. அந்த எண்ணைப் பார்த்து யாரும் ஏமாந்ததாக நினைக்க வேண்டியதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். உங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் இருக்கும் சிறு வெள்ளைப் பெட்டிக்குள் வந்து சேரும் கண்ணாடியிழை, உங்களுக்கென்று மட்டும் இணைய நிலையத்திலிருந்து புறப்பட்டது அன்று. நிலையத்திலிருந்து கிளம்பும் ஓர் இழையின் ஒளியைப் பகுப்பான் என்ற சிறு கருவி பல இழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இந்தத் தொழில்நுட்பத்தில் 32 வீடுகளுக்குப் பிரிப்பது வழக்கமான அளவு. பகுப்பானுக்கு மின்சாரம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். அதனுள் இருப்பது கிளை கிளையாகப் பிரியும் கண்ணாடி வழிதான். ஓர் ஆறு பல வாய்க்கால்களாகப் பிரிவதுபோல் ஒளி பிரிந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகப் போய்ச் சேருகிறது. அந்த மங்கிய ஒளியே போதுமானதாக இருக்கிறது.

வாய்க்கால் உவமை இங்கே ஒரு இடத்தில் பொருந்தாமல் போகும். தண்ணீர் பிரிந்தால் ஒவ்வொரு வாய்க்காலிலும் ஓடுவது வேறு வேறு நீர். ஒளி பிரியும்போதோ, எல்லா வீட்டுக்கும் ஒரே செய்தி முழுமையாகப் போகிறது. பக்கத்து வீட்டார் பார்க்கும் படத்தின் பிட்டுகளும் உங்கள் பெட்டியின் வாசல் வரை வருகின்றன. ஒவ்வொரு பெட்டியும் தன் முகவரி பொறித்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறது. மற்றவர் செய்தியைப் படிக்க முடியாதபடி அவை மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும்.

நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவது எளிது, பேசுபவர் ஒருவரே. வீடுகளிலிருந்து திரும்பிப் போவதுதான் நுட்பமானது. 32 பெட்டிகளும் ஒரே இழையில் ஒரே அலைநீளத்தில் பேசவேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் சொல்லும் கெட்டுவிடும். ஆகவே நிலையக் கருவி ஒவ்வொரு பெட்டிக்கும் நேரம் ஒதுக்குகிறது. நேரம் 125 மைக்ரோநொடித் துண்டுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது, அதாவது நொடிக்கு 8,000 துண்டுகள். “நீ இந்தக் கணத்திலிருந்து இந்தக் கணம் வரை பேசு” என்ற கட்டளை வந்ததும் பெட்டியின் லேசர் எரிந்து, வேலை முடிந்ததும் அணைந்துவிடுகிறது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வீடு நிலையத்திலிருந்து 2 கிலோமீட்டரிலும் இன்னொன்று 7 கிலோமீட்டரிலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது, அதாவது கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி. கட்டளை போய் விடை திரும்ப முதல் வீட்டுக்கு 20 மைக்ரோநொடியும் இரண்டாவதற்கு 70 மைக்ரோநொடியும் ஆகும். இருவரும் தத்தம் கடிகாரப்படி ஒழுங்காகவே பேசினாலும், நிலையத்தில் ஒருவர் சொல் மற்றவர் சொல்லின்மேல் விழக்கூடும். இதைத் தீர்க்க, பெட்டி முதன்முதலில் இணையும்போதே நிலையக் கருவி அதனிடம் ஒரு சிறு விடையைக் கேட்டு வாங்கி, அது திரும்ப எடுத்த நேரத்தைக் கொண்டு தூரத்தை அளந்துவிடுகிறது. பிறகு 2 கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுப் பெட்டியிடம் “நீ எப்போதும் 50 மைக்ரோநொடி பொறுத்திருந்து பேசு” என்று சொல்லிவிடுகிறது. அதன்பின் நிலையத்தின் பார்வையில் எல்லா வீடுகளும் ஒரே தூரத்தில் இருக்கின்றன! நாடகத்தில் சேர்ந்து பாடுவோரை ஒரே தாளத்துக்குக் கொண்டுவருவதற்கே எத்தனை ஒத்திகை வேண்டும். இங்கே ஒருவரையொருவர் அறியாத குடும்பங்களின் பெட்டிகள் நாள் முழுவதும் தாளம் தப்பாமல் இருக்கின்றன.

தாளம் தப்பினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லவேண்டும். அரிதாக ஒரு பெட்டியின் லேசர் பழுதாகி அணையாமலே எரிந்தால், அதே பகுப்பானில் இருக்கும் மற்ற வீடுகளின் இணைப்பும் சேர்ந்து குலையும். உங்கள் வீட்டில் எந்தக் கேபிளையும் யாரும் தொடாதபோது, அக்கம்பக்கத்து வீடுகளிலும் ஒரே நேரத்தில் இணைப்பு போனால், பழுது உங்கள் ரௌட்டரில் இல்லை என்று ஊகிக்கலாம்.

இந்தப் பங்கீட்டை அறிந்தால் விளம்பர எண்ணின் பொருள் விளங்கும். பழைய வகை ஜிபான் இழையில் கீழிறங்கும் மொத்த அளவு ஏறத்தாழ 2.5 கிகாபிட், மேலேறுவது 1.25 கிகாபிட். 32 வீட்டுக்கும் 1 கிகாபிட் விற்றால் 32 கிகாபிட் ஆகுமே, இது முறையா என்று கேட்கலாம். முறைதான். மிகத் தெளிவான 4கே படத்துக்கு 15 மெகாபிட் இருந்தால் ஓடும். 32 வீட்டிலும் இரண்டிரண்டு திரைகளில் அப்படி ஓடினாலும் மொத்தம் 960 மெகாபிட்தான். எல்லோரும் ஒரே நொடியில் பெருங்கோப்பு இறக்கினால் மட்டுமே நெருக்கடி. புதிய எக்ஸ்ஜிஎஸ்-பான் வகையில் மொத்தம் ஏறத்தாழ 10 கிகாபிட். பிழைதிருத்தத்துக்கும் ஒழுங்குக்கும் போனது போக வீடுகள் பங்கிட்டுக்கொள்ள எஞ்சுவது 8.5 கிகாபிட்டை ஒட்டியது. ஆக, ‘10 கிகாபிட்’ என்பது இழையின் பெயர். உங்கள் மேசைக்கு வந்து சேரும் அளவு அதுவன்று. 10 கிகாபிட்டை வாங்கிக்கொள்ளும் துளை உங்கள் கணினியில் இல்லையென்றால், வழக்கமான 1 கிகாபிட் துளை வழியாக மீண்டும் அதே 940தான் கிடைக்கும்.

ஆசிரியையின் பேரனுக்கு இதெல்லாம் கூடத் தேவைப்படவில்லை. அவரிடம் மூன்று சோதனைகள் செய்யச் சொன்னேன். மடிக்கணினியை லேன் கேபிளால் ரௌட்டருடன் இணைத்தபோது 936 மெகாபிட். கேபிளைக் கழற்றி, ரௌட்டருக்கு அருகே அமர்ந்து வைஃபையில் சோதித்தபோது 610. பேரனின் அறையில், கதவைச் சாத்திய பிறகு, 38. முதல் எண் நன்றாக இருக்கிறது. ஆகவே நிறுவனமோ இழையோ குற்றவாளி அன்று. வீவக நான்கறை வீட்டில் ரௌட்டருக்கும் அந்த அறைக்கும் இடையே காப்பறை நிற்கிறது. கம்பி பின்னிய தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்ட அந்த அறை, 6 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மலைபோல. 10 கிகாபிட் வாங்கினாலும் அந்தச் சுவரின் மறுபுறம் 38 பெரிதாக மாறாது. உள்ளறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வைப்பதே மருந்து. அப்படி இழுத்தபின் அவருக்கு உள்ளறையில் 540 கிடைத்தது. கேபிளிலேயே சோதித்து 94 என்று வந்தால் வேறு கதை: கேபிளின் நான்கு இணைக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கலாம், அப்போது இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கி இரண்டு இணைகளில் மட்டும் ஓடும். சில வெள்ளி செலவில் புதுக் கேபிள் வாங்கினால் தீரும் குறை அது.

ஒரு கருத்தையும் சொல்ல விரும்புகிறேன். நாடளாவிய கண்ணாடியிழைக் கட்டமைப்பை 10 கிகாபிட் தரத்துக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக 2024ல் அரசு அறிவித்தது. அதை நான் வரவேற்கிறேன். அதில் மிகச் சிறு பங்கேனும் வீவக வீடுகளின் உட்புறத்தை அளக்கும் ஆய்வுக்குப் போகவேண்டும் என்பது என் வேண்டுகோள். வாசல் வரை அகலமான சாலை போட்டுவிட்டு, வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை விளம்பரத்தின் பொறுப்பில் விடக்கூடாது.

கட்டணத்தையும் மாத அளவில் பார்த்தால் விளங்காது. 24 மாத ஒப்பந்தத்தில் 30 வெள்ளித் திட்டம் 720 வெள்ளி, 40 வெள்ளித் திட்டம் 960 வெள்ளி. வேறுபாடு 240 வெள்ளி. ஆசிரியை வீட்டில் கேபிளுக்கும் கூடுதல் வைஃபை பெட்டிக்கும் ஆன செலவு அதைவிடக் குறைவு. ரௌட்டர் அந்தத் தொகைக்குள் அடக்கமா, ஒப்பந்தம் முடிந்த பிறகு மாதக் கட்டணம் எவ்வளவு ஆகும் என்பவற்றையும் கேட்டுத்தான் ஒப்பிட வேண்டும். 10 கிகாபிட் யாருக்கு உதவும்? ஒளிப்படக் கோப்புகளை நாளும் டெராபைட் கணக்கில் ஏற்றி இறக்குபவருக்கும், தகுந்த கணினித் துளையும் கேபிளும் வைத்திருப்பவருக்கும் கட்டாயம் உதவும்.

நாங்கள் இருவரும் தொலைபேசியில் பேசி, விளம்பர வரிகளை இப்படி மாற்றி எழுதினோம். நிறுவனம் ஏற்றுக்கொள்ளுமா என்பது அவர் சென்று பேசவேண்டிய காரியம்.

“இரண்டு ஆண்டுக்கு 720 வெள்ளி, 1 கிகாபிட். குடும்பத்தில் நால்வரும் ஒரே நேரத்தில் படம் பார்க்கலாம், பேசலாம், படிக்கலாம். இரண்டு ஆண்டுக்கு 960 வெள்ளி, 10 கிகாபிட் இழை. உங்கள் கணினியும் ரௌட்டரும் அதற்கு ஏற்றவையா என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். உள்ளறையில் மட்டும் படம் நின்று நின்று வருகிறதா? திட்டத்தை மாற்றுவதற்கு முன் எங்களை அழையுங்கள், சுவரைப் பார்த்துச் சொல்கிறோம்.”