கம்கட்டில் திரும்பத் திரும்பக் கட்டி: சூடா, சுகரா, மூக்கா?

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் மதுரையில் எங்களைப் போன்ற பொது மருத்துவர்களிடம் கட்டியோடு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். கம்கட்டில், தொடை இடுக்கில், புட்டத்தில். கையைத் தூக்கிக் காட்டும்போதே காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "சூட்டுக் கட்டி டாக்டர், மாம்பழம் கொஞ்சம் கூடிப்போச்சு." சிலருக்கு மாம்பழம், சிலருக்கு பிராய்லர் கோழி. எப்போதோ ஒன்று வந்து, பழுத்து உடைந்து ஆறிப்போனால் நான் அவர்களோடு வாதாடுவதில்லை. சில மாதங்களுக்குள் இரண்டாவது, மூன்றாவது என்று வரும்போது மட்டும் மாம்பழத்தை விட்டுவிட்டு இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்வேன். ஒன்று ரத்தத்தில் சர்க்கரை. இன்னொன்று மூக்குத் துவாரம்.

மூக்கு எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றை உண்டாக்குவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. சுருக்கமாக ஸ்டெஃப். இது வெளியிலிருந்து புதிதாக வந்து தாக்கும் கிருமி இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூக்கின் முன்பகுதியில் எந்தத் தொந்தரவும் தராமல் இது குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட விரல் கம்கட்டைச் சொறிகிறது, தொடையைச் சொறிகிறது. கம்கட்டும் தொடை இடுக்கும் வியர்வையில் ஊறி, துணியும் தோலும் உரசிக்கொண்டே இருக்கும் இடங்கள். முடி முளைக்கும் குழி உரசலில் சிராய்த்தாலோ, பிளேடு பட்டுக் கீறினாலோ, கிருமி அந்தக் குழிக்குள் இறங்கிவிடுகிறது. அதை அழிக்க வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. அந்தச் சண்டையில் செத்த அணுக்களும் கிருமிகளும் சேர்ந்ததுதான் சீழ். கட்டி உடையும்போது நடுவில் வருகிற 'முளை', அந்தக் குழியைச் சுற்றி அழுகிப்போன திசு. வெயில் காலத்தில் கட்டி கூடுவது உண்மைதான். ஆனால் அது உடம்புக்குள் இருக்கும் சூட்டால் அல்ல, வியர்வையாலும் உரசலாலும்.

இனி சர்க்கரைக்கு வருவோம். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாகவே இருந்துகொண்டிருந்தால் இந்த வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. கிருமி இருக்கும் இடத்துக்கு வந்து சேர்வது தாமதம், வந்த பிறகு விழுங்கிக் கொல்வதும் அரைகுறை. அதனால்தான் மற்றவருக்குப் பருவாக வந்து போகிற விஷயம் சர்க்கரைக்காரருக்கு எலுமிச்சை அளவுக் கட்டியாகிறது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வேன் டிரைவரின் கதையைச் சொன்னால் புரியும். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயது தாண்டியவர். ஒரு வருடத்துக்குள் ஐந்தாவது கட்டி. முதலில் வலது தொடையின் உள்பக்கம், அப்புறம் இடது கம்கட்டு, மறுபடி தொடை. ஒவ்வொரு தடவையும் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கியிருக்கிறார், கருப்புக் களிம்பு போட்டிருக்கிறார். உடைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவார். "சுகர் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டதற்கு, "எனக்கெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்றார். கூட வந்த மனைவி விடவில்லை. "அவுக ராத்திரி மூணு தடவை ஒண்ணுக்குப் போக எந்திரிக்கிறாக. அப்பாவுக்கும் சுகர் உண்டு" என்றார்.

அவருடைய பின்கழுத்தைப் பார்த்தேன். தோல் தடித்து, வெல்வெட் மாதிரி கருத்திருந்தது. பலர் இதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்குத் தோல் காட்டும் அடையாளம் இது. கம்கட்டிலும் இதே கருப்பு வரும்.

பரிசோதனையில் வெறும் வயிற்றில் 162. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4. வெறும் வயிற்றில் 126, எச்பிஏ1சி 6.5 என்ற கோடுகளைத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று சொல்கிறோம். 100 முதல் 125 வரை, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் எல்லையில் நிற்கிறார் என்று பொருள். இங்கே ஒரு விஷயம் உண்டு. சீழும் காய்ச்சலுமாக இருக்கும் நேரத்தில் உடம்பின் அழுத்தத்தாலேயே சர்க்கரை தற்காலிகமாக ஏறும். கட்டியோடு வந்த அன்று விரலில் குத்திப் பார்த்த ஒரே எண்ணை வைத்து, 'சுகர் வந்துவிட்டது' என்று முடிவு கட்டக் கூடாது. எச்பிஏ1சி மூன்று மாதக் கணக்கு என்பதால் இரண்டு நாள் காய்ச்சலில் அது ஏறாது. ஆனால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு அதுவும் தப்பாகக் காட்டலாம், நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு ரத்தசோகை உண்டு. அதனால் சந்தேகம் இருந்தால் கட்டி ஆறி இரண்டு, மூன்று வாரம் கழித்து, வெறும் வயிற்றிலும் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் மறுபடி பார்ப்பேன். இரண்டு மணி நேர அளவு 200 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். இவருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. இரண்டு எண்களும் ஒரே பக்கம் நின்றன.

யாருக்கு எப்போது பார்க்க வேண்டும்? என் பழக்கம் இதுதான். இரண்டாவது கட்டி வந்தாலே, முப்பது வயதைத் தாண்டியவர் என்றால் பார்த்துவிடுவேன். எடை கூடியவர், பெற்றோருக்குச் சர்க்கரை உள்ளவர், கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்து போனவர் என்றால் வயதைப் பார்ப்பதில்லை. பல கண்களோடு சேர்ந்தாற்போல் முதுகிலோ பிடரியிலோ வருகிற பெரிய கட்டியை ராஜபிளவை என்பார்கள். அது வந்தால் முதல் தடவையே பார்க்க வேண்டும். வயதானவர்கள் அந்தப் பேரைக் கேட்டதும் சர்க்கரையையும் சேர்த்தே சொல்வார்கள். அதில் அவர்கள் கணக்கு சரி.

டிரைவரின் தொடைக் கட்டி அன்று நன்றாகப் பழுத்து, அமுக்கினால் உள்ளே தளும்பியது. அப்படி ஆன கட்டிக்கு மாத்திரை மட்டும் போதாது, கீறிச் சீழை வெளியேற்றினால்தான் ஆறும். மரத்துப்போக ஊசி போட்டுக் கீறினோம். சீழில் கொஞ்சம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினேன். இரண்டு, மூன்று நாளில் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்துவிடும். வந்தது ஸ்டெஃப்தான். அவர் மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தின்றுகொண்டிருந்த அமாக்ஸிசிலினுக்கு அது அடங்காது என்றும் வந்தது. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இன்று பெரும்பாலான ஸ்டெஃப் கிருமிகள் அந்த மருந்தை உடைக்கும் நொதியைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. முன்பு ஒவ்வொரு தடவையும் கட்டி ஆறியது மாத்திரையால் அல்ல, தானாக உடைந்ததால்.

கல்ச்சர் சொன்ன மருந்தைக் கொடுத்தோம், சர்க்கரைக்கும் மாத்திரை ஆரம்பித்தோம். மூன்று மாதத்தில் எச்பிஏ1சி 7-க்கு வந்துவிட்டது. ஆனால் கட்டி மறுபடி வந்தது. இந்தத் தடவை கம்கட்டில், சின்னதாக. அவருக்குக் கோபம்தான். "சுகர் குறைஞ்சா கட்டி வராதுன்னீங்களே?" வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று விசாரித்தபோது கதை முழுமையானது. மகனுக்குப் புட்டத்தில் ஒன்று வந்து ஆறியிருந்தது. மனைவிக்குக் கம்கட்டில் ஒன்று. வீட்டில் குளித்துத் துடைக்க ஒரே துண்டு, கொடியில் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். சர்க்கரை இருப்பது இவருக்கு மட்டும். கிருமி இருப்பதோ வீட்டில் எல்லோரிடமும்.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் வீடுகளில், கட்டி எல்லாம் ஆறிய பிறகு, ஐந்து நாள் திட்டம் ஒன்று போடுவோம். 2 சதவீத முப்பிரோசின் களிம்பைத் தீக்குச்சி முனை அளவு எடுத்து, இரண்டு மூக்குத் துவாரத்தின் உள்ளேயும் காலையும் இரவும் தடவி, மூக்கைப் பிடித்துக் கொஞ்சம் அமுக்கிவிட வேண்டும். அதே ஐந்து நாளும் 4 சதவீத குளோர்ஹெக்சிடின் திரவத்தைச் சோப்பு போல கழுத்துக்குக் கீழே உடம்பெங்கும் தேய்த்து, கம்கட்டிலும் தொடை இடுக்கிலும் இரண்டு நிமிடம் விட்டு அலச வேண்டும். கண்ணிலும் காதிலும் படக் கூடாது. வீட்டில் எல்லோரும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டும், கைக்குழந்தை இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு. ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு ரேஸர். அந்த வாரம் துண்டு, பனியன், ஜட்டி, தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து, நம் மதுரை வெயிலில் மொறுமொறுவென்று காயப்போட்டால் போதும். வெயிலுக்கு இங்கே பஞ்சமா?

இதற்கும் எல்லை உண்டு. சில மாதங்களில் கிருமி திரும்ப மூக்கில் குடியேறுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது மறுபடி ஒரு முறை செய்யலாம். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று அந்தக் களிம்பை மாதக்கணக்கில் தடவினால் கிருமி அதற்கும் பழகிவிடும்.

தொடை இடுக்கில் அரிப்போடு படர்தாமரையும் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கடைகளில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கூட்டுக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு உடனே அடங்கும், ஆனால் தோல் மெலியும், அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியும் குறையும். அங்கேயே கட்டியும் வரும்.

எல்லாக் கட்டியும் ஸ்டெஃப் கட்டி இல்லை. வருடக்கணக்காக இரண்டு கம்கட்டிலும் அல்லது தொடை இடுக்கிலும் அதே இடத்தில் மாறி மாறி வந்து, தழும்பு கயிறு போல் இழுத்து, தோலுக்கு அடியில் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குச் சீழ் கசிந்துகொண்டிருந்தால் அது ஹைட்ராடினைட்டிஸ் என்ற வேறு நோய். பக்கத்தில் பக்கத்தில் இரட்டைக் கரும்புள்ளிகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். பெரும்பாலும் இளம் வயதில் தொடங்குவது, புகைப்பவர்களிடமும் எடை கூடியவர்களிடமும் அதிகம். கீறுவதும் மூக்குக் களிம்பும் இதைத் தீர்க்காது. தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

பழுக்காத கட்டிக்கு வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை ஒரு வேளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு வேளை ஒற்றடம் கொடுக்கலாம். பிதுக்கக் கூடாது, ஊசியால் குத்தக் கூடாது. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போட்டுத் தோல் வெந்துபோய் வருகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். குளிர் காய்ச்சல் வந்தால், சிவப்பு விரிந்துகொண்டே போனால் காத்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவருக்குத் தொடை இடுக்கிலோ பிறப்புறுப்புப் பக்கமோ கட்டி சின்னதாக இருந்தும் வலி தாங்க முடியாமல் இருந்தால், அல்லது தோல் கருத்தோ கொப்புளித்தோ நாற்றமடித்தோ போனால், காலை வரை கூடப் பொறுக்காமல் அன்றிரவே அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.