உங்கள் பிள்ளை இன்றைக்கு எத்தனை பந்து ஆடினான்?

மதுரையில் நாகமலை புதுக்கோட்டை பக்கம் சின்னதாக ஒரு கிரிக்கெட் அகாடமி நடத்துகிறேன். இது விளம்பரம்தான், மறைக்கவில்லை. ஜூனில் புது பேட்ச் ஆரம்பிக்கும்போது எல்லாப் பெற்றோரும் கேட்பது ஃபீஸ் எவ்வளவு, எத்தனை மாதத்தில் டீமில் வருவான் என்ற இரண்டு கேள்விகளைத்தான். ஒரு செஷனில் என் பிள்ளைக்கு எத்தனை பந்து கிடைக்கும் என்று கேட்டவர்கள் இந்த ஒன்பது வருடத்தில் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். எங்கே சேர்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

கணக்கு ரொம்ப எளிது. நெட்ஸில் பிள்ளைகள் பந்து வீசி, பந்தைப் பொறுக்கி, திரும்ப ஓடி வந்து வீசினால் நிமிடத்துக்குச் சுமாராக மூன்று பந்து வரும். நாற்பது பிள்ளைகள், இரண்டு நெட், பேட்டிங்குக்கு ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். ஒரு நெட்டுக்கு இருபது பேர், ஆளுக்கு நாலரை நிமிடம், பதின்மூன்று பந்து. அதிலும் காலில் பேட் கட்டிக்கொண்டு உள்ளே வர ஒரு நிமிடம் போய்விடும். மீதி நேரமெல்லாம் பிள்ளை வரிசையில் நிற்கிறது. வீட்டுக்கு வந்து "நல்லா ஆடினேன்ப்பா" என்று சொல்லும், அது பொய்யும் இல்லை, கிடைத்த பத்துப் பந்தை நன்றாகத்தான் ஆடியிருக்கும்.

சரி, எங்களிடம் என்ன நடக்கிறது? 10 முதல் 13 வயது பேட்சின் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். பதினெட்டுப் பிள்ளைகள், அதில் மூன்று பேர் பெண் பிள்ளைகள். என்னோடு இரண்டு உதவிப் பயிற்சியாளர்கள். ஆறரைக்கு வார்ம்-அப், ஆறே முக்காலுக்குக் கேட்சிங், த்ரோ. ஏழு மணிக்கு ஆறு ஆறு பேராக மூன்று குழு பிரியும். ஒரு குழு இரண்டு நெட்டில் பேட்டிங், ஒரு குழு அவர்களுக்குப் பந்துவீச்சு, மூன்றாவது குழு ஓரமாக ஜோடி ஜோடியாக நின்று, ஒருவர் பக்கத்திலிருந்து கையால் எறிய மற்றவர் அடிக்கும் த்ரோ-டவுன். அரை மணிக்கு ஒரு முறை இடம் மாற்றம். த்ரோ-டவுனில் இருக்கும் குழு கடைசி ஐந்து நிமிடத்தில் கால் பேட், கார்ட், ஹெல்மெட் எல்லாம் மாட்டி முடித்துவிட வேண்டும், அடுத்தது அவர்கள் பேட்டிங். முதலில் பேட்டிங் இறங்கும் குழு மட்டும் கேட்சிங் முடியும்போதே கட்டிக்கொள்ளும். இந்த ஒரு ஒழுங்கைக் கொண்டுவர எனக்கு ஒரு வருடம் ஆனது. முன்பெல்லாம் அரை மணியில் பத்து நிமிடம் ஸ்ட்ராப் மாட்டுவதிலேயே கரைந்துவிடும்.

நெட்டுக்கு மூன்று பேர், ஆளுக்குப் பத்து நிமிடம், முப்பது பந்து. த்ரோ-டவுனில் ஐம்பது. ஆக ஒரு பிள்ளைக்கு எண்பது பந்து, அதோடு ஐந்து ஓவர் பந்துவீச்சு.

போன வருடம் ஒரு அப்பா வந்தார். பையனுக்குப் பதினொரு வயது. வேறொரு இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் போயும் "எல்லாப் பந்தையும் லெக் சைடுக்கே இழுக்கிறான் சார், எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டேங்கிறான்" என்றார். முதல் நாள் காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்து மொபைலில் ஒவ்வொரு பந்தாக எண்ணினார், 83 என்று காட்டினார். அது எனக்குப் பெருமைதான். ஆனால் பிரச்சினை பந்து எண்ணிக்கையில் மட்டும் இல்லை, பையன் கையில் இருந்த பேட்டில் இருந்தது. உயரம் நாலடி ஏழு அங்குலம், கையில் இருந்தது ஆறாம் நம்பர் பேட், ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கிய இங்கிலீஷ் வில்லோ. வளர்கிற பையன், இரண்டு வருடம் வரும் என்று வாங்கியிருக்கிறார். செருப்பு வாங்குகிற கணக்கு.

பேட் பெரிதாக இருந்தால் மேல் கையால் அதைத் தூக்க முடியாது. வலது கை ஆட்டக்காரருக்குக் கைப்பிடியின் உச்சியில் இருப்பது இடது கை, பேட்டை நேராக வழிநடத்த வேண்டியது அதுதான். அது தோற்றுப்போனால் கீழ்க்கை பிடுங்கிக்கொள்ளும். பேட் கல்லி பக்கம் போய்க் குறுக்கே இறங்கும், பேட்டின் முகம் உள்பக்கம் திரும்பிவிடும், நேராக வரும் பந்தும் மிட்-ஆன், மிட்-விக்கெட் என்று லெக் சைடுக்குத்தான் போகும். பையன் பேச்சைக் கேட்காமல் இல்லை, அவனுடைய மணிக்கட்டால் முடியவில்லை.

இதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பேட்டைத் தரையில் நிறுத்தி, பிள்ளையைப் பக்கத்தில் ஷூவோடு நிற்கச் சொல்லுங்கள். கைப்பிடியின் நுனி இடுப்பெலும்பு அளவில் இருக்கலாம், அதற்கு மேலே போகக்கூடாது. அடுத்து மேல் கையால் மட்டும் பேட்டைப் பிடித்து முன்னால் நீட்டி அரை நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். நுனி ஆடி ஆடிக் கீழே வந்தால் அந்த பேட் அவனுக்குக் கனம்.

அந்தப் பையனுக்கு எங்கள் கிட்டில் இருந்த நாலாம் நம்பர் காஷ்மீர் வில்லோ பேட்டைக் கொடுத்தேன். இரண்டு வாரம் த்ரோ-டவுனில் முதல் இருபது பந்து, பக்கத்தில் நின்று கையால் விடும் பந்தை மேல் கையால் மட்டும் நேராகத் தள்ளுவது. அதுவும் டென்னிஸ் பந்தில். ஏறத்தாழ ஒன்பதாவது செஷனில் பந்து மிட்-ஆஃப் பக்கம் போக ஆரம்பித்தது. ஆனால் வேகமாக வீசினால் அப்போதும் இழுக்கத்தான் செய்தான். ஒரு வருடப் பழக்கம் மூன்று வாரத்தில் போகாது, அதையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஏழாயிரம் ரூபாய் பேட் பீரோ மேல் இருக்கிறது, வளர்ந்தபின் எடுத்துக்கொள்ளட்டும்.

பந்துக்கும் இதே கதைதான். வளர்ந்த ஆண்கள் ஆடும் லெதர் பால் 155.9 முதல் 163 கிராம். 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கிரிக்கெட் விதிகளிலேயே தனி அளவு உண்டு, 133 முதல் 144 கிராம், சுற்றளவும் குறைவு. பெரிய பந்தைச் சின்னக் கையில் கொடுத்தால் பந்தின் தையலான சீமில் விரல் உட்காராது, உள்ளங்கையில் பிடித்து எறியத்தான் செய்யும். எனவே 6 முதல் 9 வயது பேட்சுக்கு எங்களிடம் டென்னிஸ் பந்து மட்டும், பிட்சும் 22 கெஜம் இல்லை, 16 கெஜம். "என் பிள்ளைக்கு எப்போ சார் லெதர் பால்?" என்று கேட்காத அம்மா இல்லை. இரண்டு கையால் பத்தில் எட்டு கேட்ச் பிடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் என் பதில்.

வேகமாக வீசும் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 13 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களுக்கு தொடர்ந்து வீசும் ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் என்று வரம்பு வைத்திருக்கிறது. நாங்கள் ஐந்து ஓவரோடு நிறுத்துவதும் அதனால்தான். ஆனால் பையன் எங்களிடம் ஐந்து ஓவர் வீசிவிட்டு, ஸ்கூல் டீமில் ஆறு ஓவர், சாயங்காலம் தெருவில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் என்று போனால் என் கணக்கு எதற்கு ஆகும்? எங்கள் கட்டுப்பாட்டை நம்பி மட்டும் இருக்காதீர்கள், ஒரு நோட்டில் மொத்தத்தையும் நீங்கள் எழுதுங்கள்.

இரண்டு வருடம் முன்னால் பதிமூன்று வயதுப் பையன் ஒருவன், வலது கை வேகம், இடுப்புக்குக் கீழே வலிக்கிறது என்றான். தசைப்பிடிப்பு என்று அவன் வீட்டில் தைலம் தேய்த்திருக்கிறார்கள். நான் கேட்டதில் வலி இடது பக்கம் மட்டும், வீசும்போதும் பின்னால் வளையும்போதும் கூடுகிறது. பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம் இப்படி வலித்தால் முதுகெலும்பின் அடிப்பகுதியில் மெல்லிய விரிசலாக இருக்கக்கூடும், வளரும் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வருவது இது. ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் தெரியாமலும் போகலாம். அன்றைக்கே பந்துவீச்சை நிறுத்தி எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன், ஸ்கேனில் அதேதான். பல மாதம் வீசவில்லை, இப்போது திரும்ப வந்துவிட்டான். எனக்கு உறுத்துவது, அவன் சொல்வதற்கு முந்தைய இரண்டு வாரமும் ரன்-அப் தளர்ந்திருந்தது, சோம்பேறித்தனம் என்று நானே திட்டியிருந்தேன்.

இனி பேட்ச், ஃபீஸ். 6 முதல் 9 வயது: சனி, ஞாயிறு காலை 7 முதல் 8.30, மாதம் 1,200 ரூபாய். 10 முதல் 13: செவ்வாய், வியாழன் மாலை 4.30 முதல் 6.30, ஞாயிறு காலை 6.30 முதல் 8.30, மாதம் 2,000. 14 முதல் 16: திங்கள், புதன், வெள்ளி மாலை அதே நேரம், சனிக்கிழமை மேட்ச், மாதம் 2,400. சேரும்போது ஒரு முறை 1,000, அதில் இரண்டு டி-ஷர்ட். தேர்வு மாதத்தில் பாதி ஃபீஸ். நவம்பர், டிசம்பரில் ஆறேகாலுக்கு மேல் பந்து கண்ணுக்குத் தெரியாது, அந்தக் கடைசிக் கால் மணி லெதர் பாலை எடுத்து வைத்துவிட்டு ஓட்டப் பயிற்சிதான், இதைச் சேரும்போதே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்தில் 700 ரூபாய்க்கு இருக்கிறதே என்பார்கள். இருக்கலாம். எங்கள் நடு பேட்சில் மாதம் 36,000 வருகிறது. மைதான வாடகையில் இந்த பேட்சின் பங்கு 10,000, உதவிப் பயிற்சியாளர்கள் இருவருக்கு 14,000, பந்து, மேட், நெட் தையல், தண்ணீர் என்று 5,000. மீதி ஏழாயிரம் என்னுடையது. இதே செலவை 700 ரூபாய் ஃபீஸில் ஈடுகட்டவே நாற்பத்திரண்டு பிள்ளைகள் வேண்டும். முதலில் சொன்ன பதின்மூன்று பந்துக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும். மூன்று மடங்கு மைதானமும் ஆட்களும் வைத்துக் குறைவாக வாங்குகிறவர் இருந்தால் தாராளமாக அங்கே சேருங்கள்.

டீமில் எடுப்பார்களா என்றால், மாவட்டக் கிரிக்கெட் சங்கம் டிரயல்ஸ் வைக்கும்போது தகவல் சொல்வோம், அழைத்துப் போவோம், அவ்வளவுதான். செலக்‌ஷனுக்கு என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பிறந்த தேதியை ஒரு வருடம் தள்ளிப்போடலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். 16 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளுக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியம் இடது மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து, டி.டபிள்யூ.3 முறையில் எலும்பு வயதைப் பார்க்கிறது. சர்டிஃபிகேட்டில் திருத்தியது அங்கே எடுபடாது, கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

முதல் மூன்று செஷனுக்குக் காசு வாங்குவதில்லை. ஷூ, தொப்பி, தண்ணீர் பாட்டிலோடு அனுப்புங்கள். பேட் வாங்க வேண்டாம், உயரம் பார்த்து நான் எழுதிக் கொடுத்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். காம்பவுண்டுச் சுவரில் காலை எட்டு மணி வரை நிழல் இருக்கும், நீங்களும் உட்கார்ந்து எண்ணுங்கள்.