ஷேர்டு ரைட்ஸ்: கூட்டுரிமையா, பகிர் உரிமமா?

திருநெல்வேலிப் பக்கத்தில் பாயும் பனைப்பொருளும் இணையத்தில் விற்பவர்கள், சரக்கு கொடுப்பவரிடம் பொருளின் படங்களைக் கேட்கும்போது, "போட்டோவுக்கும் டிஸ்கிரிப்ஷனுக்கும் ஷேர்டு ரைட்ஸ் குடுத்துருங்க அண்ணாச்சி" என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கேட்பவர் நினைப்பது, "நீங்களும் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்திக்கொள்கிறேன்" என்பதுதான். ஆனால் அந்தத் தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி "கூட்டுரிமை" என்று கடிதத்தில் எழுதிவிட்டால், கேட்டது பயன்பாடாக இல்லாமல் சொத்தில் பங்காக மாறிவிடுகிறது. கூட்டு உரிமையாளர்கள் இருவர் என்றாகிவிட்டால், மற்றவரின் இசைவு இல்லாமல் ஒருவர் மட்டும் மூன்றாம் ஆளுக்கு அனுமதி தர முடியாது. அப்புறம் அண்ணாச்சி தம்முடைய படத்தை வேறொரு கடைக்காரருக்குக் கொடுப்பதற்கு நம்மைக் கேட்க வேண்டியிருக்கும். விவரம் தெரிந்த எந்த மொத்த வியாபாரியும் இதற்கு ஒப்பமாட்டார்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், உரிமை, உரிமம் என்ற இரு சொற்களை நாம் ஒன்றாகப் புழங்குவது. இரண்டுக்கும் அடி "உரி" என்பதே. உரிய, உரியவர், உரித்து எல்லாம் அதன் கிளைகள். உரிமை பழைய சொல். "உரிமை உடைத்திவ் வுலகு" என்று குறள் (578) சொல்லும்போது, உலகமே ஒருவருக்குச் சொந்தமாவதைத்தான் அச்சொல் குறிக்கிறது. உரிமம் என்பதோ பிற்காலத்து ஆக்கம். இலத்தீனில் "அனுமதிக்கப்படுதல்" என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்த லைசென்ஸ் என்ற சொல்லுக்காக, அரசு அலுவலகங்கள் வழியாகப் பரவியது. ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் சாலைக்குச் சொந்தக்காரர் அல்லர் என்பதை நினைத்தால் வேறுபாடு விளங்கிவிடும். உரிமை உடைமையைச் சேர்ந்தது. உரிமம் இசைவைச் சேர்ந்தது.

லைசென்ஸுக்கு முன்னால் வரும் எக்ஸ்க்ளூசிவ் என்பதும் இலத்தீன்தான். அடிப்பொருள், வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துதல். ஆகவே எக்ஸ்க்ளூசிவ் லைசென்ஸ் என்றால், உரிமம் பெற்றவரைத் தவிர, கொடுத்த உரிமையாளர் உட்பட எவரும் அந்த வகையில் பயன்படுத்த முடியாத அனுமதி. இதைத் "தனி உரிமம்" என்று சொல்லலாம். கதவைச் சாத்தாத வகையை மொழிபெயர்ப்பு ஒப்பந்தங்கள் "பிரத்தியேகமற்ற உரிமம்" என்கின்றன. எதிர்மறையில் நிற்கும் அச்சொல்லைவிடப் "பகிர் உரிமம்" என்பது தெளிவு என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்ப் பழைய பத்திரங்களில் கிணற்றில் நீர் இறைக்கும் பாத்தியம், வண்டிப்பாதைப் பாத்தியம் என்று எழுதியிருப்பார்களே, அது ஏறத்தாழ இதே கருத்து. கிணறு ஒருவருடையது, இறைத்துக்கொள்பவர் பலர். பாத்தியம் வடமொழி வழி வந்த சொல்லாக இருந்தாலும், இந்தப் பொருள் நம் மண்ணுக்குப் புதியதன்று.

ஓர் எடுத்துக்காட்டாக, பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அமேசான், பிளிப்கார்ட், மீஷோ ஆகிய மூன்று தளங்களிலும் பத்தமடைப் பாய் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குச் சரக்குக் கொடுப்பவர் பத்தமடையைச் சேர்ந்த மொத்த வியாபாரி. ஆறு வகைப் பாய்களுக்குப் பதினான்கு படங்களும், கோரையைக் கிழித்து ஊறவைத்துச் சாயமேற்றி நெய்யும் முறையைச் சொல்லும் ஆறு விவரக் குறிப்புகளும் வியாபாரியிடம் இருக்கின்றன. அவற்றுக்கு நம்மவர் தனி உரிமம் கேட்பதில் பொருளில்லை. அமேசானில் ஒரே பொருளைப் பல விற்பனையாளர்கள் ஒரே பக்கத்தில் விற்பதுண்டு. நாம் ஏற்றிய படத்தின் கீழேயே அடுத்தவரும் விலை போடுவார். கதவு இல்லாத வீட்டுக்குச் சாவி கேட்பது போன்றது அது.

கேட்க வேண்டிய முதற் கேள்வி, கொடுப்பவரிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்பது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் படத்தையும் எழுத்தையும் வெவ்வேறாக நடத்துகிறது. ஒருவர் சொல்லி, அதற்குக் கூலி பெற்று இன்னொருவர் எடுத்த நிழற்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே வியாபாரி ஸ்டுடியோக்காரருக்குப் பணம் கொடுத்து எடுத்த படங்கள் வியாபாரியுடையவை. அதே பாயை வீட்டு முற்றத்தில் விரித்து அவருடைய மருமகன் காசு வாங்காமல் கைப்பேசியில் எடுத்திருந்தால், உரிமையாளர் மருமகன்தான். விவரக் குறிப்புக்கு இந்தச் சலுகை இல்லை. வெளியாள் ஒருவர் கூலிக்கு எழுதிக் கொடுத்திருந்தால், எழுத்து மூலம் மாற்றித் தராத வரை, பணம் கொடுத்தாலும் அது எழுதியவருடையதே. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதியதுதான் முதலாளிக்குப் போகும். பின்னாளில் தளத்துக்குப் புகார் வந்து பொருட்பக்கம் முடங்கும்போது, புகாரளிப்பவர் பெரும்பாலும் இப்படி விடுபட்டுப்போன மூன்றாம் ஆளாகவே இருப்பார்.

பெற்றதை நாம் தளத்துக்குக் கொடுக்கலாமா என்ற இரண்டாவது கேள்வியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். படத்தை நாம் தளத்தில் ஏற்றும் கணத்திலேயே தளமும் நம்மிடம் ஓர் உரிமம் பெற்றுக்கொள்கிறது. பெரிய சந்தைத் தளங்களின் விற்பனையாளர் ஒப்பந்தங்களில் அந்த உரிமம் பொதுவாகக் கட்டணமற்றது, உலகளாவியது, நீண்டகாலமானது, எளிதில் திரும்பப் பெற முடியாதது. நம்மிடம் இருப்பதோ அண்ணாச்சி கொடுத்த பகிர் உரிமம் மட்டுமே. அதிலிருந்து இன்னொருவருக்கு அனுமதி பிரித்துக் கொடுக்க, அப்படிக் கொடுக்கலாம் என்று அவர் தனியே சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் சப்-லைசென்ஸ் எனப்படும் இதைத் "துணை உரிமம்" என்று சிலர் எழுதுகிறார்கள். துணை என்றதும் உதவி என்ற பொருள் முன்னே வந்து நிற்கிறது. தாமிரபரணிப் பாசனத்து வயல்களில் குத்தகைக்காரர் தாம் பெற்ற நிலத்தை இன்னொருவருக்கு விடுவதை உள்குத்தகை என்போம், வீட்டுக்கு உள்வாடகை. அந்த வரிசையில் "உள்ளுரிமம்" என்று சொன்னால் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. நிலக்காரருக்குத் தெரியாமல் உள்குத்தகை விட்டால் என்ன வம்பு வருமோ, அதே வம்புதான் இங்கும்.

எல்லையும் காலமும் இதனோடு பிணைந்தவை. கடிதம் எல்லையைப்பற்றி எதுவும் சொல்லாவிட்டால் உரிமம் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும்; காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு. 19ஆம் பிரிவு உரிமை மாற்றத்துக்குச் சொல்லும் இந்த விதிகளை 30அ பிரிவு உரிமங்களுக்கும் பொருத்துகிறது. தளமோ உலகம் முழுவதற்கும் கேட்கிறது. இந்தியாவுக்குள் மட்டும் பெற்ற ஒன்றை உலகத்துக்குக் கொடுத்ததாக நாம் ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டால், இரு பக்கத்திலும் வாக்குத் தவறியவர்கள் நாம்தான். அதனால் விற்பனை இந்தியாவுக்குள் மட்டுமே நடந்தாலும், படம் காட்டப்படும் எல்லையைப் பெரிதாகவே கேட்க வேண்டும்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு எழுதினால் கடிதம் இப்படி அமையும்:

"மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம். தங்களிடமிருந்து வாங்கும் ஆறு வகைப் பாய்களை அமேசான், பிளிப்கார்ட், மீஷோ ஆகிய தளங்களில் விற்றுவருகிறேன். தாங்கள் அனுப்பிய PM-01.jpg முதல் PM-14.jpg வரையான பதினான்கு படங்களையும், ஆறு விவரக் குறிப்புகளையும் இந்த விற்பனைக்காகப் பயன்படுத்தப் பகிர் உரிமம் வேண்டுகிறேன். பதிப்புரிமை தங்களிடமே இருக்கும். தாங்களும் பயன்படுத்தலாம், பிற கடைக்காரர்களுக்கும் கொடுக்கலாம். காலம் இரண்டு ஆண்டு. எல்லை உலகம் முழுவதும். படத்தின் அளவையும் பின்னணியையும் தளத்தின் விதிக்கு ஏற்ப மாற்றவும், குறிப்புகளைச் சுருக்கவும் மொழிபெயர்க்கவும் இசைவு வேண்டும். தளங்கள் தம் ஒப்பந்தப்படி கேட்கும் உள்ளுரிமத்தை அவற்றுக்கு மட்டும் நான் வழங்கலாம் என்றும், காலம் முடிந்த முப்பது நாளுக்குள் என் பக்கங்களிலிருந்து படங்களை நான் நீக்கிவிட்ட பிறகும் தளங்கள் தம்மிடம் வைத்திருக்கும் பிரதிகளுக்கு அந்த உள்ளுரிமம் தொடரலாம் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டுகிறேன். படங்களை எடுத்தவர், குறிப்புகளை எழுதியவர் யார் என்பதையும், அவர்களிடமிருந்து உரிமை தங்களுக்கு எழுத்து மூலம் வந்திருக்கிறதா என்பதையும் தெரிவித்தால் நல்லது. பதிலுக்கு, நான் எழுதும் தமிழ்க் குறிப்புகளையும், அடுத்து எடுக்கவிருக்கும் வெள்ளைப் பின்னணிப் படங்களையும் இதே நிபந்தனைகளில் தாங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்."

இக்கடிதத்தில் வியாபாரி பேரம் பேசும் இடங்கள் இரண்டாகத்தான் இருக்கும். ஒன்று, மாற்றம் செய்யும் இசைவு. அமேசானில் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி வேண்டும். எழுத்தோ முத்திரையோ இருக்கக்கூடாது. வியாபாரி தம் கடைப் பெயரைப் படத்தின் மூலையில் பதித்திருந்தால் அதை நீக்க இசைவு கேட்பது அவருக்கு உறுத்தும். பெயரற்ற மூலக்கோப்பை முதன்மைப் படத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, விவரக் குறிப்பில் அவருடைய பெயரைச் சேர்ப்பதாகச் சொன்னால் பெரும்பாலும் உடன்படுவார். மற்றொன்று, காலம் முடிந்த பின்னும் தொடரும் உள்ளுரிமம். இதில் நாம் விட்டுக்கொடுக்க இயலாது. தளத்தின் ஒப்பந்தம் நம் கையில் இல்லை. வேண்டுமானால் அந்த ஒப்பந்தத்தின் உரிய பத்தியைக் கடிதத்தோடு இணைத்து அவரையே படித்துப் பார்க்கச் சொல்லலாம்.

பத்தமடைப் பாய் என்ற பெயர் புவிசார் குறியீடு பெற்றது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். படத்துக்குப் பெற்ற உரிமம் அந்தப் பெயருக்குப் பொருந்தாது. வேறு ஊர்ப் பாயின் பக்கத்தில் பத்தமடைப் பாயின் படத்தையும் பெயரையும் போட அண்ணாச்சியின் எந்தக் கடிதமும் நம்மைக் காக்காது.

பதில் எந்த வடிவில் வரலாம் என்பது மிச்சம். பதிப்புரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவையும் எழுத்தாக ஏற்கிறது. ஆகவே முத்திரைத்தாள் இல்லை என்பதால் கலங்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் "தாராளமா எடுத்துக்கோங்க தம்பி" என்ற அன்பான பதிலும் எழுத்துதான். ஆனால் எந்தப் படத்தை, எந்தத் தளத்தில், எத்தனை காலத்துக்கு என்று அதில் ஒன்றும் இல்லை. அதே அண்ணாச்சி, நாம் அனுப்பிய மின்னஞ்சலுக்கே பதிலாக, கீழே முழுக் கடிதமும் தெரியும்படி, "மேற்கண்ட நிபந்தனைகளுக்கு இசைகிறேன்" என்று ஒரு வரி எழுதித் தம் பெயரைப் போட்டால், பதினான்கு படத்துக்கும் ஆறு குறிப்புக்கும் அந்த ஒரு வரி போதும்.