அப்போஸ்டில் முத்திரை எதற்குச் சாட்சி?

வேலைக்கு எடுக்கப்போகும் ஆட்களின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் தொழில். இதில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அப்போஸ்டிலே ஆகியிருக்கு சார், இன்னும் எதுக்கு யூனிவர்சிட்டிக்கு எழுதணும்?" விண்ணப்பதாரர்கள் கேட்டால் புரிந்துகொள்ளலாம். நீண்ட அனுபவமுள்ள எச்.ஆர். மேலாளர்களும் இதையே கேட்கிறார்கள். வெளிநாட்டில் காட்டும் ஆவணத்துக்கு அரசாங்கமே அப்போஸ்டில் என்ற சான்று ஸ்டிக்கரை ஒட்டி, எண் போட்டு, கையெழுத்தும் போட்ட பிறகு அந்தப் பட்டம் பொய்யாக இருக்க முடியுமா என்பது அவர்கள் எண்ணம். இருக்க முடியும். ஸ்டிக்கர் அசலாகவும் பட்டம் போலியாகவும் ஒரே தாளில் இருக்க முடியும்.

அப்போஸ்டில் என்பது 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கையிலிருந்து வந்தது. இந்தியாவில் 2005 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாட்டின் பொது ஆவணத்தை இன்னொரு நாட்டில் காட்டும்போது, தூதரகம் தூதரகமாக அலைந்து முத்திரை வாங்கும் வேலையை ஒழிப்பதுதான் நோக்கம். அது எதை உறுதிசெய்கிறது என்பதை உடன்படிக்கையே அளந்து சொல்லிவிடுகிறது. ஆவணத்தில் உள்ள கையெழுத்து உண்மையானது, கையெழுத்திட்டவர் அந்தப் பதவியில் இருந்து கையெழுத்திட்டார், ஆவணத்தில் முத்திரை இருந்தால் அது அந்த அலுவலகத்தின் முத்திரைதான். அவ்வளவுதான். ஆவணத்துக்குள் எழுதியிருப்பது உண்மையா என்பது அதில் வரவே வராது.

எந்த நாட்டு அப்போஸ்டிலை எடுத்தாலும் அதில் எண் போட்ட பத்து வரிகள் இருக்கும். முதல் வரியில் நாடு. இரண்டாவது வரி, ஆவணத்தில் கையெழுத்திட்டவர் யார் என்று சொல்லும். மூன்றாவது அவர் எந்தப் பதவியில் கையெழுத்திட்டார் என்பது. நான்காவது யாருடைய முத்திரை என்பது. மீதி ஆறும் அப்போஸ்டில் கொடுத்த இடம், தேதி, கொடுத்தவர், வரிசை எண், அவருடைய முத்திரை, கையெழுத்து. பெரும்பாலானோர் முத்திரையைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் இரண்டாவது, மூன்றாவது வரிகள்தான். அந்த அப்போஸ்டில் யாருக்குச் சாட்சி சொல்கிறது என்பது அங்கேதான் இருக்கிறது.

என்னிடம் வந்த ஒரு கோப்பை எடுத்துக்கொள்கிறேன். ஒரு கல்வி நிறுவனத்தில் நிர்வாகப் பணிக்கு விண்ணப்பித்தவர், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதுநிலைப் பட்டம் வைத்திருந்தார். கூடவே ஒரு அமெரிக்க மாநிலத்தின் அப்போஸ்டில். அதிலிருந்த எண்ணையும் தேதியையும் அந்த மாநிலத்தின் இணையப் பதிவேட்டில் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஆக அப்போஸ்டில் அசல். ஆனால் இரண்டாவது வரியில் இருந்த பெயர் பட்டத்தில் கையெழுத்திட்ட யாருடையதும் அல்ல. மூன்றாவது வரியில் 'நோட்டரி பப்ளிக்' என்று இருந்தது.

அப்போஸ்டில் தாளுக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டினால் நோட்டரியின் குறிப்பு. பதிவாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் தன் முன் வந்து, இணைக்கப்பட்ட பட்டம் எங்கள் பதிவேட்டிலிருந்து எடுத்த உண்மை நகல் என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட்டதாக அதில் இருந்தது. நோட்டரியின் வேலை, வந்தவரின் அடையாள அட்டையைப் பார்ப்பதும் அவர் தன் கண்முன் கையெழுத்திட்டதை உறுதிசெய்வதும்தான். அவர் சொன்னது உண்மையா, அந்தப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடக்கிறதா என்று விசாரிக்கும் கடமை நோட்டரிக்குக் கிடையாது. அடுத்து, மாநில அரசு, நோட்டரியாகக் கையெழுத்திட்ட பெண்மணி உண்மையிலேயே நோட்டரிதான், இது அவர் கையெழுத்துதான் என்று சொன்னது. அதுவும் உண்மை. மூன்று பேர் கைமாறிய அந்தத் தாளில் பட்டத்தை யாரும் விசாரிக்கவில்லை.

அப்புறம் அமெரிக்கக் கல்வித் துறை பராமரிக்கும் DAPIP என்ற தரவுதளத்தில் தேடினேன். அங்கே அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. இந்தப் பெயர் அதில் இல்லை. அங்கீகார அமைப்புகளை ஆராயும் சீயா என்ற அமைப்பின் பட்டியலிலும் இல்லை. விண்ணப்பதாரரிடம் பேசியபோது, பணி அனுபவத்தைக் கணக்கில் எடுத்துப் பட்டம் தருவதாகச் சொன்னார்கள், அமெரிக்க அரசின் அப்போஸ்டிலோடு வரும் என்றும் சொன்னார்கள் என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பணம் கட்டியிருக்கிறார். அவர் ஏமாற்ற வந்தவர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏமாந்தவர். இப்படி வருகிறவர்கள் நிறைய என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வழி பெரிய அளவிலும் பயன்பட்டிருக்கிறது. 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ், கராச்சியில் இருந்து இயங்கிய ஆக்ஸாக்ட் நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் பட்டங்கள் விற்றதை வெளியே கொண்டுவந்தது. அதோடு, அப்போதைய வெளியுறவுச் செயலர் ஜான் கெர்ரியின் கையெழுத்து தாங்கிய அமெரிக்க வெளியுறவுத் துறைச் சான்றுகளும் வாடிக்கையாளர்களுக்கு விற்கப்பட்டதாக அந்தச் செய்தி சொன்னது. வெளியுறவுச் செயலரின் பெயரைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரத்தானே செய்யும்? ஆனால் அந்தச் சான்றின் அடியில், இணைக்கப்பட்ட ஆவணத்தின் உள்ளடக்கத்துக்கு இந்தத் துறை பொறுப்பேற்காது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். இந்தியாவில் அப்போஸ்டில் கொடுப்பது வெளியுறவு அமைச்சகம். 2019 ஜனவரியிலிருந்து டெல்லிக்கு வெளியே, சென்னை உட்படப் பல நகரங்களிலும் கொடுக்கிறார்கள். பட்டச் சான்றிதழை நேராக அமைச்சகத்திடம் கொண்டுபோக முடியாது. முதலில் பட்டம் வழங்கப்பட்ட மாநிலத்தின் கல்வித் துறையிலோ அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்க வேண்டும். அமைச்சகம் தன்னிடம் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு அந்த மாநில அதிகாரியின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிறது. மாநில அதிகாரிகளின் கையெழுத்தை வைத்தே சான்றளிக்கிறோம், ஆவணத்தின் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பதில்லை என்று அமைச்சகமே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது.

ஆகவே இந்தியச் சான்றிதழ் ஒன்றில் பட்டம் உண்மையா என்று யாராவது பார்த்திருந்தால், அது கீழ்ப்படியில், அதாவது மாநில அளவில்தான் நடந்திருக்கும். பல மாநிலங்களில் அந்த அதிகாரி கையெழுத்திடும் முன் பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சான்று கேட்பார்கள். தாமதமாவதும் பெரும்பாலும் அங்கேதான். அதனால்தான் சில ஏஜென்ட்டுகள் "சீக்கிரம் வேணும்னா எஸ்.டி.எம். வழியில முடிச்சிடலாம்" என்பார்கள். வட்டார அளவிலான ஒரு நிர்வாக அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கி, அதன் மேல் அமைச்சக ஸ்டிக்கர் வாங்குவது அந்த வழி. சட்டப்படி ஸ்டிக்கர் ஒன்றுதான், ஆனால் பல்கலைக்கழகத்திடம் கேட்டு உறுதிசெய்யும் படி பொதுவாக அதில் இருக்காது. எந்த வழியில் வந்தது என்பதைக் காட்டிக்கொடுப்பதும் மூன்றாவது வரியில் உள்ள பதவிதான். இன்னொன்று: அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்கும் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த ஆயிரக்கணக்கான ரூபாயில் ஏதோ பெரிய விசாரணை நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் போன்ற நாடுகள் ஹேக் உடன்படிக்கையில் சேராதவை. அங்கே போகிறவர்களுக்கு அப்போஸ்டிலுக்குப் பதில் அமைச்சகத்தின் சாதாரண அட்டெஸ்டேஷன், அதன் மேல் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை, அங்கே போனபின் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்று நீளும். சான்றிதழின் பின்பக்கம் முழுக்க முத்திரையாக இருப்பதால் பலமாகத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முன்னால் இருக்கும் கையெழுத்தைத்தான் பார்த்திருக்கிறது. இதை வளைகுடா நாடுகளின் சுகாதாரத் துறைகள் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கின்றன. நம் ஊர் நர்ஸ்கள் எல்லா முத்திரையும் வாங்கிய பிறகும், டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் கல்லூரிக்கும் நர்சிங் கவுன்சிலுக்கும் நேரடியாக எழுதி உறுதிசெய்யச் சொல்கிறார்களே, அது வீண் அலைச்சல் அல்ல. முத்திரை செய்யாத வேலையை அங்கேதான் செய்கிறார்கள்.

பட்டம் முழுக்க உண்மையாக இருந்தாலும் அப்போஸ்டில் சொல்லாத விஷயங்கள் இருக்கின்றன. அந்த நாட்டில் உங்கள் பட்டத்துக்குச் சமமான மதிப்பு உண்டா என்பது தனி விஷயம். வெளிநாட்டுப் பட்டத்தோடு இந்தியா திரும்புகிறவர்கள் அப்போஸ்டில் வைத்திருந்தாலும் சமநிலைச் சான்று தனியாக வாங்க வேண்டியிருப்பது அதனால்தான். அதேபோல், சான்றிதழைக் கையில் வைத்திருப்பவர்தான் அதில் பெயர் உள்ளவர் என்றும் அது சொல்லாது. ஒரு திருமணச் சான்றிதழில் அப்போஸ்டில் இருந்தால் திருமணம் இன்றும் நீடிக்கிறது என்று பொருளல்ல.

சரி, கையில் ஒரு கோப்பு வந்தால் நான் செய்வது இதுதான். முதலில் இரண்டாவது, மூன்றாவது வரிகளைப் படித்து, அந்தக் கையெழுத்து ஆவணத்தில் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடுவேன். நோட்டரியின் நகல் மீதான அப்போஸ்டில் என்றால், பட்டத்தைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்றே எடுத்துக்கொள்வேன். அடுத்து அப்போஸ்டில் எண். கொடுக்கும் ஒவ்வொரு அலுவலகமும் பதிவேடு வைத்திருக்க வேண்டும், சம்பந்தப்பட்ட யார் கேட்டாலும் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்று உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு சொல்கிறது. வேறு தாளிலிருந்து பிரித்து ஒட்டிய ஸ்டிக்கர்கள் இந்த இடத்தில்தான் பிடிபடுகின்றன. எண் இருக்கும், ஆனால் தேதியோ பெயரோ ஒத்துப்போகாது.

இவை இரண்டும் முத்திரையைப் பற்றிய சோதனைகள் மட்டுமே. பட்டத்தைச் சரிபார்க்க, பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்குத்தான் எழுத வேண்டும். பதிவெண், படிப்பு, தேர்ச்சி பெற்ற ஆண்டு, விண்ணப்பதாரரின் ஒப்புதல் கடிதம், சான்றிதழின் நகல் ஆகியவற்றோடு அனுப்புங்கள். முகவரியை விண்ணப்பதாரர் கொடுத்த தாளிலிருந்து எடுக்காமல், பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று பார்த்து, அங்கிருந்து அதன் தளத்துக்குப் போய் எடுங்கள். சமீப ஆண்டுப் பட்டமாக இருந்தால், விண்ணப்பதாரரை உங்கள் முன்னாலேயே டிஜிலாக்கரைத் திறந்து, பல்கலைக்கழகம் வழங்கிய ஆவணங்கள் பகுதியில் அதைக் காட்டச் சொல்லலாம். அவரே பதிவேற்றிய ஆவணங்கள் வேறு பகுதியில் இருக்கும், அவை கணக்கில் வராது.