பிரதியிட்டால் பொருந்துகிறது, ஆனாலும் விடை முழுமையில்லை

இந்தத் தொகுப்புக்கு x = 1, y = 2, z = 3 என்று விடை வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

```
 x +  y +  z = 6
 x + 2y + 3z = 14
2x + 3y + 4z = 20
```

பிரதியிட்டால் 6, 14, 20 மூன்றும் சரியாக வருகின்றன. பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். x = 0, y = 4, z = 2 என்றும் போட்டுப் பாருங்கள், அதுவும் பொருந்தும். கண்ட விடை சரியா என்பதைத்தான் பிரதியிடல் சொல்லும். வேறு விடை உண்டா என்பதை அணிக்கோவையிடம் கேட்க வேண்டும்.

கெழுக்களின் அணிக்கோவையான Δ-வை முதல் நிரை வழியாக விரித்தால் 1(8−9) − 1(4−6) + 1(3−4) = −1 + 2 − 1 = 0. நடு உறுப்பின் குறியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அங்கே +2 என்பதை −2 என்று எழுதினால் Δ = −4 ஆகி, ஒரே விடை உண்டு என்ற பொய்த்தோற்றம் வரும். கிராமர் விதியைத் தொடர்ந்தால் Δx, Δy, Δz மூன்றுமே 0 என்பதால் x = y = z = 0 கிடைக்கும். முதல் சமன்பாட்டில் போட்டதுமே 0 = 6 என்று குட்டு உடைந்துவிடும். ஆகவே Δ-வை இன்னொரு நிரை அல்லது நிரல் வழியாகவும் ஒருமுறை விரித்துப் பார்ப்பது நல்லது.

Δ = 0 என்று உறுதியானால் கிராமர் விதியை விட்டுவிட்டு அணித்தரத்துக்குப் போங்கள். நான்கு அணிக்கோவைகளும் 0 என்பதால் எண்ணற்ற விடைகள் என்று முடிவுகட்டக் கூடாது. x + y + z என்பது 1, 2, 3 மூன்றுக்கும் சமம் என்ற தொகுப்பிலும் நான்கும் 0 தான், ஆனால் அதற்குத் தீர்வே இல்லை.

நம் தொகுப்பின் விரிவுபடுத்தப்பட்ட அணியில் R2 − R1, R3 − 2R1 செய்தால் இரண்டு நிரைகளும் (0 1 2 | 8) ஆகின்றன. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் முழுப் பூச்சிய நிரை வரும். கெழு அணி, விரிவுபடுத்தப்பட்ட அணி இரண்டின் தரமும் 2, மாறிகள் 3. எனவே 3 − 2 = 1 துணையலகு விடையில் இருந்தே ஆக வேண்டும். z = t என்றால் y = 8 − 2t, x = t − 2.

இந்த விடையை இரண்டாகப் பிரித்துச் சரிபார்ப்பது எளிது. மாறிலிகளான (−2, 8, 0) இடப்பக்கத்தில் 6, 14, 20 தர வேண்டும், தருகின்றன. t-யின் கெழுக்களான (1, −2, 1) மூன்றிலும் 0 தர வேண்டும்: 1−2+1, 1−4+3, 2−6+4. t-க்கு ஏதோ ஒரு எண்ணைப் போட்டுப் பார்ப்பதைவிட இது உறுதியானது, ஏனென்றால் எல்லா t-க்கும் ஒரே தடவையில் சோதித்துவிடுகிறோம்.

பிரதியிடும்போது வினாத்தாளில் உள்ள சமன்பாடுகளையே எடுங்கள். 20-ஐ 21 என்று பார்த்து எழுதியிருந்தால் கடைசி நிரை (0 0 0 | 1) ஆகி, தரங்கள் 2, 3 என வேறுபட்டு, தீர்வே இல்லை என்று வந்துவிடும். அப்போது பிரதியிட்டுப் பார்க்கவே விடை இருக்காது. அதனால் ‘தீர்வு இல்லை’ என்று எழுதுமுன் அணியின் ஒவ்வொரு எண்ணையும் வினாவோடு ஒப்பிட வேண்டும்.