ரிசப்ஷனுக்கு முந்தின நாள் முடி வெட்டலாமா? சைடு முடிக்கு ஒரு கணக்கு இருக்கு

தை பொறந்தா போதும், சலூன்ல மாப்பிள்ளைங்க கூட்டம்தான். நாளைக்கு ரிசப்ஷன்னா இன்னைக்கு ராத்திரி கடை சாத்துற நேரத்துக்கு வந்து உக்காந்துட்டு, மொபைல்ல ஒரு போட்டோவ காட்டி "அண்ணா, அப்படியே இதே மாதிரி பண்ணி விட்டுடுங்க"ம்பாங்க. போட்டோல இருக்கறவருக்கு காதுக்கு மேல முடி நல்லா சீப்புக்கு படியிற அளவு இருக்கும், நம்ம தம்பிக்கு போன வாரம்தான் யாரோ சைடுல ஜீரோ போட்டு விட்டிருப்பாங்க. இருக்கற முடிய வெட்டி ஷேப் கொண்டு வரலாம், இல்லாத முடிக்கு நான் எங்க போறது?

தலைமுடி மாசத்துக்கு சுமாரா 1 சென்டிமீட்டர் வளரும். சிலருக்கு ஒண்ணேகால் கிட்ட போகும், ஆனா பிளான் பண்ணும்போது 1-னே வச்சுக்கோங்க, ஏமாற மாட்டீங்க. அப்படின்னா வாரத்துக்கு ரெண்டேகால், ரெண்டரை மில்லிமீட்டர். அடிக்கடி வெட்டினா சீக்கிரம் வளரும்னு இன்னும் நெறைய பேர் நம்புறாங்க, அப்படி எல்லாம் கிடையாது. முடி வளர்றது தோலுக்கு அடியில வேர்ல, வெளிய தெரியறதுக்கு உயிரே இல்ல, அதோட நுனிய வெட்டுனது வேருக்கு எப்படி தெரியும்.

இப்போ இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, மேல இருக்கறதும் சைடுல இருக்கறதும் ஏறக்குறைய ஒரே வேகத்துலதான் வளருது, ஆனா கண்ணுக்கு அப்படி தெரியாது. மேல 8 சென்டிமீட்டர் வச்சிருக்கறவருக்கு ரெண்டு வாரத்துல எட்டரை ஆனா பொண்டாட்டிக்கே தெரியாது. சைடுல மிஷின்ல 1-ம் நம்பர் போட்டிருந்தா அது 3 மில்லிமீட்டர், அதே ரெண்டு வாரத்துல 8 மில்லிமீட்டர் ஆயிடும், அதாவது 2-ம் நம்பரையும் (அது 6) தாண்டி 3-ம் நம்பர் கிட்ட வந்து நிக்கும். அவ்வளவுதான், காசு குடுத்து போட்ட ஃபேடு காணாம போச்சு. அதனால ஃபேடு வச்சவங்க நாள் கணக்கு பார்க்கணும், நீள முடிக்காரங்க மாசக் கணக்கு பார்க்கணும்.

இதுக்கு நடுவுல ஒரு இக்கட்டான கட்டம் இருக்கு. நம்ம ஊர் முடி பெரும்பாலும் கொஞ்சம் தடிப்பு, சைடுல 1 சென்டிமீட்டர் வரைக்கும் குச்சி மாதிரி நின்னாலும் நீட்டா தெரியும். ஒன்றரைய தாண்டினா அது காதுக்கு மேல வெளிப்பக்கமா நட்டுக்கும், ஜெல் போட்டாலும் அரை மணி நேரம்தான், தலையே காளான் மாதிரி ஆயிடும். மூணு, மூணரை சென்டிமீட்டர் கிட்ட வந்தப்புறம்தான் தன்னோட வெயிட்லயே படிய ஆரம்பிக்கும். சுருட்டை முடின்னா இன்னும் கொஞ்சம் ஆகும். ஒன்றரைலேர்ந்து மூணுக்கு போக ஒன்றரை மாசம். உங்க முகூர்த்தம் அந்த ஒன்றரை மாசத்துக்குள்ள விழுந்துச்சுன்னா, ஒண்ணு குட்டையாவே இருந்துடணும், இல்ல முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும்.

ஒரு தம்பியோட கணக்க சொல்றேன். வேளச்சேரி பக்கம் ஐடி கம்பெனில வேலை, தீபாவளி முடிஞ்சு கொஞ்ச நாள்ல வந்தாரு. ஜனவரி கடைசில கல்யாணம், வியாழக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன், வெள்ளிக்கிழமை காலைல முகூர்த்தம். பொண்ணு வீட்டுல "சைடு வகிடு எடுத்து டீசன்டா இருந்தா நல்லா இருக்கும்"னு சொல்லிட்டாங்களாம், இவருக்கோ சைடுல நல்ல உசரம் வரைக்கும் ஃபேடு. ஸ்கேல் வச்சு பார்த்தேன் (சிரிச்சாரு, ஆனா அளக்காம எப்படி சொல்றது). கீழ காது ஓரத்துல 3 மில்லிமீட்டர், மேல ஃபேடு முடியிற இடத்துல, அதாவது தலை வளையிற அந்த மூலைல 10. கையில கிட்டத்தட்ட 11 வாரம் இருந்துச்சு, அதுக்குள்ள இரண்டரை சென்டிமீட்டர் வரும். அப்போ கீழ இருக்கறது 28 மில்லிமீட்டர்ல நிக்கும், சரியா காளான் கட்டம். மேல் மூலை மூணரை சென்டிமீட்டர், அது படியும்.

அதனால மொத்த சைடையும் வளர்க்க வேணாம்னு சொன்னேன். மேல் மூலைய மட்டும் யாரையும் தொட விடாதீங்க, கீழ கிருதாவும் காதுக்கு பின்னாடியும் பிடரியும் 2-ம் நம்பர்ல வச்சுக்கலாம், நடுவுல இருக்கறத சீப்ப வச்சு கத்திரில ஏத்தி விட்டா ரெண்டும் சேர்ந்துடும். வகிடு எடுத்து சீவினா மேல இருக்கறது கீழ வந்து மூடிக்கும், பார்க்கறவங்களுக்கு ஃபுல்லா வளர்த்த மாதிரியேதான் இருக்கும். அவரு செஞ்ச தப்புன்னா டிசம்பர் ஆரம்பத்துல பொறுமை போயி, ஆபீஸ் பக்கத்துல ஒரு கடைல "லைட்டா சைட குறைங்க"ன்னு சொல்லப் போனாரு, நல்ல வேளை போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டாரு. அங்க மிஷின் ஒரு தடவ மேல ஏறியிருந்தா ஒரு மாச வளர்ச்சி அஞ்சு நிமிஷத்துல கீழ கொட்டியிருக்கும். அந்த தடவ அவருக்கு நான் செஞ்சது கழுத்த சுத்தி, காத சுத்தி கிளீன் பண்ணினது மட்டும்தான்.

டிசம்பர் நடுவுல ஒரு ஒத்திகை கட்டிங் போட்டோம். இத யாருமே செய்யறதில்ல, எனக்கு கேட்டா மாப்பிள்ளை டிரஸ் டிரையல விட இதுதான் முக்கியம். கல்யாணத்துக்கு அஞ்சாறு வாரம் முன்னாடி, கல்யாணத்துக்கு என்ன கட்டிங்கோ அதையே கீழ்ப் பக்கம் போட்டுட்டு, வெட்டின மறுநாள்லேர்ந்து எண்ணி முதல் நாள், நாலாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள்னு ஒரே பாத்ரூம் லைட்ல முன்னாடி ஒண்ணு, சைடுல ஒண்ணு போட்டோ எடுத்து வைக்கணும். அப்புறம் நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, எந்த நாள் போட்டோ நல்லா இருக்கோ அந்த நாள்தான் ரிசப்ஷன் அன்னைக்கு வரணும். இந்த தம்பிக்கு ஏழாம் நாள். அப்போ வியாழன் ரிசப்ஷனுக்கு முந்தின வியாழன் கட்டிங்.

கவனிங்க, முகூர்த்தத்துலேர்ந்து எண்ணல, ரிசப்ஷன்லேர்ந்து எண்ணினேன். நம்ம சென்னைல பாதிப் பேருக்கு ரிசப்ஷன் முந்தின நாள் சாயங்காலமே வந்துடுது, கேமரா முழுக்க அன்னைக்குத்தான். மறுநாள் விடியக்காலைல எண்ணெய் வச்சு தலைக்கு ஊத்திட்டா எந்த ஸ்டைலும் நிக்காது, மாலையும் நெத்திப் பட்டமும் மீதிய மறைச்சிடும்.

ஏழு நாள் எதுக்குன்னா, மொதல்ல தோல் கலர். காதுக்கு பின்னாடியும் பிடரிலயும் இத்தன நாள் முடி மூடியிருந்த இடம் வெளுத்திருக்கும், புதுசா வெட்டின அன்னைக்கு முகத்துக்கும் அதுக்கும் நடுவுல கோடு போட்ட மாதிரி தெரியும், போட்டோ லைட்ல இன்னும் பளிச்னு. நம்ம வெயில்ல ஒரு வாரம் வண்டில போயிட்டு வந்தா அது மங்கிடும். அடுத்தது தப்பு நடந்தா திருத்த டைம். 2-ம் நம்பர் சொன்ன இடத்துல 1 பட்டுடுச்சுன்னா வித்தியாசம் 3 மில்லிமீட்டர், அது திரும்ப வர ஒம்போது பத்து நாள் ஆகும். 6 மில்லிமீட்டர் போயிடுச்சுன்னா ரெண்டரை வாரம். ஒரு வாரம் முன்னாடி வெட்டினா சின்ன தப்பு பெரும்பாலும் மறைஞ்சுடும், பெரிய தப்புக்கு எந்த கடைலயும் மருந்து கிடையாது. அதனாலதான் புது ஸ்டைல் ஆசை எல்லாம் ஒத்திகையோட முடிஞ்சுடணும்.

ரிசப்ஷனுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடி வந்தா கழுத்தும் கிருதாவும் மட்டும் ட்ரிம்மர்ல ஓட்டிக்கலாம். பிளேடு வேணாம், பிடரில பிளேடு போட்டா சிலருக்கு மறுநாளே சிவந்து பொரிப் பொரியா வந்துடும், சில்க் சட்டை காலர் உரச உரச எரியும். இந்த தம்பிக்கு செவ்வாய் வரலாம்னு பார்த்தா, நெறைய லோக்கல் கடை செவ்வாய் லீவு, அவங்க அம்மாவும் செவ்வாய் வெள்ளி கத்திரி படக்கூடாதுன்னுட்டாங்க, அதனால புதன் காலைல வந்தாரு. சில வீட்டுல பந்தக்கால் நட்டுட்டா அப்புறம் முடியே வெட்ட விட மாட்டாங்க. அதுல நம்பிக்கை இருக்கோ இல்லையோ, தேதி குறிக்கறப்பவே வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுடுங்க, கடைசி வாரத்துல சண்டை போட முடியாது. சபரிமலைக்கு மாலை போடுற மாப்பிள்ளைங்களுக்கு ஒரு லாபம் இருக்கு, 41 நாள் விரதத்துல எப்படியும் கத்திரி படாது, ஒரு சென்டிமீட்டருக்கு மேல வந்துடும். ஆனா இறக்கின அன்னைக்கே போய் மொத்தத்தையும் ஒட்ட வெட்டிடாதீங்க.

பொண்ணுங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. புருவம் வரைக்கும் ஃப்ரிஞ்ச் வெட்டிட்டு நெத்திச்சுட்டி வைக்கணும்னா அந்த முடி பின்னாடி போயி பின்னலுக்குள்ள அடங்கணும், அதுக்கு இன்னும் 10 சென்டிமீட்டராவது வேணும், அதாவது பத்து மாசம். சவுரி வச்சு ஜடைய நீளமாக்கலாம், நெத்தில நிக்கிற குட்டை முடிக்கு சவுரி கிடையாது. நிச்சயதார்த்தத்துக்கு ஃப்ரிஞ்ச் ஆசைப்படுறவங்க கல்யாணத் தேதியையும் பார்த்துட்டு கத்திரிய எடுக்க சொல்லுங்க.

இன்டர்வியூக்கு இவ்வளவு டைம் யாரும் தர மாட்டாங்க, நாலு நாள் முன்னாடி மெயில் வரும். நாலு நாள் இருந்தா அன்னைக்கே வெட்டிடுங்க, வழக்கமா போடுற அதே நம்பர், அதே ஆள்கிட்ட. நாளைக்கே இன்டர்வியூன்னா கழுத்து, காத சுத்தி, கிருதா, அதுக்கு மேல ஏற விடாதீங்க, பத்து நிமிஷ வேலை. சைடு காளான் கட்டத்துல மாட்டியிருந்தா, அங்க மட்டும் வளர்க்கற ஆசைய விட்டுட்டு 1 சென்டிமீட்டருக்கு இறக்கிடறதுதான் சேஃப். திருப்பதி மொட்டை அடிச்சவங்க கவலைப்படாதீங்க, ஒரு மாசத்துல தலை முழுக்க சீரா 1 சென்டிமீட்டர் நிக்கும், அது பார்க்க நீட்டான ஷார்ட் கட்டிங்தான். மொட்டைக்கு அப்புறம் மூணாம் மாசம்தான் சிக்கல், எல்லா பக்கமும் ஒரே நேரத்துல நட்டுக்கும், அப்போ வந்து சைட மட்டும் இறக்கிட்டு மேல விட்டுட்டு போங்க.

போட்டோ காட்டறவங்க அடுத்த தடவ கூடவே ஒரு தேதியும் சொல்லுங்க, நான் ஸ்கேல எடுத்துட்டு வர்றேன்.