ஒரு பாக்கெட் ஓஆர்எஸ்ஸுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்

போன வாரம் பத்து மாதக் குழந்தை ஒன்று வலிப்போடு வந்தது. எட்டு கிலோ எடை, இரண்டு நாளாகப் பேதி. இந்தக் கோடையில் இதே காரணத்துக்காக என்னிடம் வந்த மூன்றாவது குழந்தை என்பதால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

"ஓஆர்எஸ் குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டேன். "நேத்துல இருந்து குடுத்துக்கிட்டேதான் இருக்கேன் சார், மூணு பாக்கெட் ஆச்சு" என்றார் அம்மா. எட்டு கிலோ குழந்தை ஒரே நாளில் மூன்று லிட்டர் குடித்திருக்க முடியாது. எதில் கலக்கினீர்கள் என்று கேட்டதும் பையைத் திறந்து பால் பாட்டிலை எடுத்துக் காட்டினார். 200 மில்லி பாட்டில். அதில் ஒரு முழுப் பாக்கெட்.

இரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச்சத்து, 169 வந்தது. இருக்க வேண்டியது 135 முதல் 145.

அந்த அம்மாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்ன காரணத்தில் ஒரு நியாயம் இருந்தது. "இத்தனூண்டு புள்ள ஒரு லிட்டர் எப்படி சார் குடிப்பான்? அதான் அவன் குடிக்கிற அளவுக்குக் கலக்கினேன்." மருந்துக்கடையில் "தண்ணியில கலக்கிக் குடுங்க" என்பதோடு சரி. எவ்வளவு தண்ணீர் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பாக்கெட்டின் பின்னால் எழுதியிருக்கிறது, உண்மைதான். எள்ளைவிடச் சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்துப் பேரில் நாலு பேராவது இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஒரு லிட்டர் என்பது குழந்தை குடித்து முடிக்க வேண்டிய அளவு அல்ல, கலக்க வேண்டிய அளவு. ஒரு லிட்டர் கலக்கிவிட்டு அதில் 300 மில்லிதான் குடித்தானா, சரி, குடித்த வரை லாபம், 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கீழே ஊற்றிவிட்டு அடுத்த பாக்கெட்டை உடையுங்கள். இருபது ரூபாய்ச் சொச்சம் வீணாகிறதே என்று பார்க்காதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். "கெட்டியா குடுத்தா சத்து அதிகம்" என்பது கஞ்சிக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. 20.5 கிராம் பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் சோடியம் 75 இருக்கும். அதையே 200 மில்லியில் கரைத்தால் 375. கடல்நீரில் இருப்பது ஏறக்குறைய 470. அதாவது, மருந்து என்று நினைத்து முக்கால்வாசிக் கடல்நீரைப் புகட்டியிருக்கிறோம். பேதியும் இதனால் கூடத்தான் செய்யும். குழந்தை தாகத்தில் அழும், அழுகிறதே என்று அதே பாட்டிலை மறுபடி வாயில் வைப்போம்.

இதில் எங்களையே ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. வழக்கமாக நீர்ச்சத்து குறைந்த குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். உப்பு ஏறிய குழந்தைக்குத் தோல் ஓரளவு சரியாகவே தெரியும், தொட்டால் பிசைந்த மாவு மாதிரி இருக்கும். பெரிதாக ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடக்கூடிய குழந்தை அது. அதனால் தப்பாகக் கலக்கிவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்படாமல் முதல் வாக்கியமாக அதைச் சொல்லிவிடுங்கள். ஈடுகட்டுகிறேன் என்று வீட்டில் வெறும் தண்ணீரை மடமடவெனக் கொடுக்கவும் கூடாது. உப்பு வேகமாக இறங்கினால் மூளை வீங்கும். இந்தக் குழந்தைக்கு நாங்களே இரண்டு நாள் எடுத்து, சொட்டுச் சொட்டாகத்தான் இறக்கினோம்.

சரி, கலக்குவது எப்படி? டம்ளர் கணக்கு வேண்டாம், உங்கள் வீட்டு டம்ளர் வேறு, பக்கத்து வீட்டு டம்ளர் வேறு. கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொண்டு அதைத்தான் அளவாக வையுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்குங்கள். கலக்கிய பிறகு சுட வைக்கக்கூடாது. பாலிலோ ஜூஸிலோ கலக்கக்கூடாது, பிடிக்கவில்லை என்று மேலே சர்க்கரை சேர்க்கக்கூடாது. பாதிப் பாக்கெட்டைப் போட்டு மீதியை ரப்பர் பேண்ட் போட்டு வைப்பதும் வேண்டாம். 200 மில்லிக்கென்றே சின்னப் பாக்கெட் வருகிறது, அது வேறு, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நடுராத்திரியில் பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. கல் உப்பை இந்த அளவுக்கு நம்ப முடியாது. கலக்கியதும் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிடுங்கள். இதில் பொட்டாசியம் இல்லை, ஆகவே காலையில் கடை திறக்கும் வரைக்கும்தான் இது.

இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200. பாட்டிலில் வேண்டாம், ஸ்பூனில் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு இன்னும் மெதுவாக ஆரம்பியுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். டாக்டர் எழுதும் துத்தநாக மருந்தை, பேதி நின்ற பிறகும் சொன்ன 14 நாளும் கொடுங்கள்.

"குடுத்தும் நிக்கலையே சார்" என்று மறுநாள் வருவார்கள். இது பேதியை நிறுத்தும் மருந்தே அல்ல, போன நீரை ஈடுகட்டுவது. பேதி தானாக நிற்க நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூட ஆகும். நிறுத்துகிறேன் என்று பெரியவர்கள் போடும், பேதியைக் கட்டும் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. "பாட்டில் ஏத்துங்க" என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. 1971ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குப் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் அளந்து கரைத்து டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. குடிக்க முடிகிற குழந்தைக்கு ஊசி எதற்கு?

குடிக்க முடியாத குழந்தைக்குத்தான் அது. கொடுப்பதையெல்லாம் வாந்தி எடுக்கிறது, தட்டி எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது, கண் உள்வாங்கிவிட்டது, உச்சிக்குழி பள்ளமாகத் தெரிகிறது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், வலிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள், வழியெல்லாம் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள். துவண்ட குழந்தைக்கும் வலிப்பு வந்த குழந்தைக்கும் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குப் பேதி என்றால் இந்த அறிகுறிகள் எதுவும் வேண்டாம், நேராக வந்துவிடுங்கள். பல் முளைக்கிறது, மாந்தம், குடல் ஏறிவிட்டது என்று யாராவது தட்டிவிடக் கூட்டிப்போனால் அந்த நேரமும் போய்விடும்.

அந்தக் குழந்தை ஆறாம் நாள் வீட்டுக்குப் போனான், நல்லவேளை வலிப்பு மறுபடி வரவில்லை. கிளம்பும்போது அம்மா ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, "இது வரைக்கும்தானே சார்?" என்று கழுத்துக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். நர்ஸ் அதே இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிக் கோடு போட்டுக் கொடுத்தார்.